சேரும், சேராது: செட்டிநாட்டுச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டுக்கு விருந்தாளிகளை அழைத்துவரும் டிராவல்ஸ்காரர்களுக்கும், பெரிய வீடுகளை விடுதியாக நடத்தும் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். காரைக்குடியில் இருந்துகொண்டு உங்களில் சிலருடைய பேக்கேஜ் தாள்களை ஆங்கிலத்திலிருந்து தமிழில் எழுதித் தருகிறவன் நான். அந்தத் தாளின் கடைசியில் வரும் ‘சேரும், சேராது’ பட்டியலைப் பற்றித்தான் இந்த மடல். நான் எழுதிய ஒரு வரியால் திருமயம் கோட்டை வாசலில் ஒரு குடும்பம் அரை மணி நேரம் வெயிலில் நின்றது. அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மலேசியாவிலிருந்து வந்த குடும்பம். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். திருச்சி விமான நிலையத்தில் வண்டி ஏறி, புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி வருகிற பாதையில் முதல் இடம் திருமயம். கோட்டைக்குத் தொல்லியல் துறையின் நுழைவுச் சீட்டு உண்டு. இந்தியருக்கு ஒரு கட்டணம், மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அதைப்போலப் பல மடங்கு. பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டாம் என்பதால், நான்கு பேருக்கு வெளிநாட்டவர் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. “பேக்கேஜில் இருக்கிறதே, தம்பி” என்று பெரியவர் ஓட்டுநரிடம் தாளை நீட்டினார். ஓட்டுநர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். “நுழைவுக் கட்டணம் அவர்கள்தான் கட்டவேண்டும், தாளிலேயே போட்டிருக்கிறோம்” என்றார்கள் அங்கே. இரண்டு பக்கமும் ஒரே வரியைத்தான் காட்டியது. நான் எழுதியிருந்த வரி இது:

“காலை உணவுடன் இரண்டு இரவு தங்கல், ஏசி வண்டி, வழிகாட்டியுடன் திருமயம் கோட்டை, பிள்ளையார்பட்டி கோயில், ஆத்தங்குடி பெரிய வீடு பார்வையிடல், நுழைவுக் கட்டணம், கேமரா கட்டணம் நீங்கலாக.”

பெரியவர் படித்தது இப்படி: தங்கல் உண்டு, வண்டி உண்டு, பார்வையிடல் உண்டு, நுழைவுக் கட்டணம் உண்டு, கேமரா கட்டணம் மட்டும் நீங்கல். டிராவல்ஸ்காரர் படித்தது: நுழைவுக் கட்டணம், கேமரா கட்டணம் இரண்டும் நீங்கல். இன்னொருவர் படித்தால் மொத்த வரிசையும் நீங்கல் என்றுகூடச் சொல்ல இலக்கணம் இடம் கொடுக்கும்; அப்படி யாரும் படிக்கமாட்டார்கள் என்பதற்குப் பொது அறிவுதான் காரணம், வாக்கியம் காரணமில்லை. மூன்றில் எதுவும் தமிழுக்குத் தவறான வாசிப்பு கிடையாது. பெரியவர் ஏமாற்றவில்லை, டிராவல்ஸ்காரரும் ஏமாற்றவில்லை. பிழை என்னுடையது.

ஆங்கிலத் தாளில் ஏன் இந்தச் சண்டை வரவில்லை என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அந்த மொழியில் ‘நீங்கலாக’ என்கிற சொல் முன்னால் வந்துவிடுகிறது. அந்தச் சொல்லைக் கடந்த பிறகு வருவதெல்லாம் கழிக்கப்பட்டது என்று வாசிப்பவருக்கு அங்கேயே தெரிந்துவிடும். சொல்லே ஒரு வேலி மாதிரி நிற்கிறது. தமிழில் அது கடைசியில் வருகிறது. ‘நீங்கலாக’, ‘உட்பட’, ‘சேர்த்து’, ‘தவிர’ எல்லாமே அப்படித்தான். பெயர்களை அடுக்கிக்கொண்டே போய் முடிவில் ‘நீங்கலாக’ என்று வைத்தால், அது பின்னோக்கி எவ்வளவு தூரம் கைநீட்டுகிறது என்று சொல்ல வழியில்லை. அதற்கு ஒட்டியிருக்கும் பெயர் மட்டுமா, அதற்கு முந்தியதுமா? காற்புள்ளி அதைக் காட்டாது. காற்புள்ளி எல்லாப் பெயருக்கும் நடுவில் ஒரே மாதிரிதான் நிற்கிறது.

‘வழிகாட்டியுடன்’ என்பது இதன் மறுபக்கம். இது முன்னால் நின்று பின்னால் வருவதைத் தழுவுகிற சொல். வழிகாட்டி திருமயத்துக்கு மட்டுமா, மூன்று இடத்துக்குமா? டிராவல்ஸ்காரர் அமர்த்தியிருந்தது கோட்டைக்கு மட்டும். மறுநாள் காலை பிள்ளையார்பட்டியில் அந்தக் குடும்பம் வழிகாட்டியைத் தேடியது. முதல் நாள் சண்டை ஆறுவதற்குள் இரண்டாவது.

கோட்டை வாசலில் கடைசியில் பணம் கொடுத்தது ஓட்டுநர். டீசலுக்கு வைத்திருந்த பணம். அலுவலகம் ஒரு பாதி திருப்பித் தந்தது, மறுபாதியை நான் கொடுத்தேன். தொகை பெரிதில்லை. ஆனால் தாளை எழுதியவனும் அச்சடித்தவரும் குளிர்ந்த அறையில் இருக்க, பதில் சொல்லும் பொறுப்பு எப்போதும் வாசலில் நிற்கிற ஓட்டுநருக்கோ, வீட்டுக் காவல்காரருக்கோ, சமையல்கட்டில் இருப்பவருக்கோதான் போகிறது. இது எனக்கு வருத்தம். அதனால்தான் தனித்தனியாகச் சொல்லாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

அன்றிலிருந்து பெயர் அடுக்குவதை நான் விட்டுவிட்டேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முழு வாக்கியம். அதில் யார், எதற்கு, எங்கே, எத்தனை பேருக்கு என்பது இருக்கும். வினைமுற்றில் கட்டுபவர் தெரிவார். அதே வரியை இப்போது இப்படி எழுதுகிறேன்:

“திருமயம் கோட்டைக்கு நுழைவுச் சீட்டை நீங்கள் வாசலில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு வெளிநாட்டவர் கட்டணம். ஆத்தங்குடி பெரிய வீட்டு நுழைவுக் கட்டணத்தை நாங்கள் கட்டுவோம், ஆறு பேருக்கும். இரண்டு இடத்திலும் கேமராவுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் அது உங்களுடையது. திருமயத்தில் மட்டும் தமிழ் பேசும் வழிகாட்டி ஒருவர் உங்களோடு வருவார். அவர் கூலி எங்களுடையது. பிள்ளையார்பட்டியிலும் ஆத்தங்குடியிலும் வழிகாட்டி இல்லை.”

நீளமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். நீளம்தான். ஆனால் ‘நாங்கள் கட்டுவோம்’, ‘நீங்கள் கட்டவேண்டும்’ என்ற இரண்டே முடிவுகள் மாறி மாறி வருவதால், எண்பது வயது ஆச்சிக்கு வாசித்துக் காட்டினாலும் புரிகிறது. ‘செலுத்தப்படும்’, ‘வழங்கப்படும்’ என்று எழுதாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ‘நுழைவுக் கட்டணம் செலுத்தப்படும்’ என்றால் யார் செலுத்துவார்? அந்த வினையில் ஆளே கிடையாது. தகராறு உட்காருவதற்கு அந்தக் காலி நாற்காலி போதும். ‘வழங்கப்படலாம்’ அதைவிட மோசம். ஆங்கிலத்தில் சாத்தியம் உண்டு என்று தயங்கிச் சொன்னதை விருந்தாளி தமிழில் வாக்குறுதியாக எடுத்துக்கொள்கிறார்.

உங்களில் பெரும்பாலோர் பட்டியலின் கடைசியில் ஒரு வரி வைத்திருக்கிறீர்கள்: “மேலே சேர்க்கப்படாத எதுவும் இதில் சேராது.” அந்த ஒரு வரி எல்லாச் சண்டையையும் தீர்த்துவிடும் என்று நம்புகிறீர்கள். தீர்க்காது. நான் பார்த்த வரையில் சண்டை வருவது தாளில் இல்லாத பொருளுக்கு அல்ல. இருக்கிற ஒரு சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்பதற்குத்தான். ‘பார்வையிடல்’ என்ற சொல் தாளில் இருக்கிறது. அதற்குள் வாசல் சீட்டு அடங்குமா என்பதுதான் கேள்வி. அடங்கும் என்று நினைப்பவரிடம் ‘சேர்க்கப்படாத எதுவும்’ என்ற வரியைக் காட்டினால், “அதுதான் சேர்த்திருக்கிறதே” என்பார். அவர் சொல்வதும் சரி.

அதிலும் நம் ஊரில் ‘பார்வையிடல்’ தனியாகவே ஒரு தொல்லை. ஆங்கிலத் தாளில் உள்ளே போய்ப் பார்ப்பதற்கு ஒரு சொல், வெளியே நின்று பார்ப்பதற்கு வேறு சொல். தமிழில் இரண்டுக்கும் ‘பார்வையிடல்’ என்றே போட்டுவிடுகிறோம். செட்டிநாட்டில் இது பெரிய வித்தியாசம். கானாடுகாத்தான் அரண்மனை தனியார் வீடு. அதை வாசலில் நின்று பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வரலாம் என்ற எண்ணத்தில்தான் நீங்கள் பட்டியலில் போடுகிறீர்கள். விருந்தாளி முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் சுற்றிவரப் போகிறோம் என்று வருகிறார். ‘வெளியே நின்று பார்ப்போம், உள்ளே போக அனுமதி இல்லை’ என்று எழுதினால் பேக்கேஜ் விற்காது என்று ஒருவர் பயந்தார். விற்காவிட்டாலும் பரவாயில்லை, வாசலில் போய்ச் சொல்வதைவிட வீட்டிலிருக்கும்போதே சொல்லிவிடுவது மரியாதை.

உள்ளே விடும் வீடுகளுக்கும் ஒரு வாக்கியம் வேண்டும். நமக்குத் தெரியும், பூட்டியிருக்கும் வீடு கல்யாணத்துக்கும் படைப்புக்கும் திறந்து குடும்பமே கூடிவிடும். அன்று வெளியாட்கள் உள்ளே போக முடியாது. ‘சூழ்நிலைக்கு உட்பட்டது’ என்று ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து வைக்கிறோம். அதற்குப் பதில்: “அன்று வீட்டில் விசேஷம் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். அப்படியானால் அதே கட்டணத்தில் வேறொரு வீட்டுக்கு அழைத்துப்போவோம். முடியாவிட்டால் அந்த வீட்டுக் கட்டணத்தைத் திருப்பித் தருவோம்.” உங்களால் இதைச் செய்ய முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள், நான் அப்படியே தமிழில் தருகிறேன். எது நடந்தால் என்ன கிடைக்கும் என்பது மட்டும் திறந்து கிடக்க வேண்டாம்.

பிள்ளையார்பட்டி போன்ற கோயில்களுக்கு ‘தரிசனம் சேரும்’ என்று எழுதுவதும் இதே வகைதான். பொது வரிசையில் நிற்பதற்கு யாரும் காசு வாங்குவதில்லை. விருந்தாளி ‘சேரும்’ என்பதைப் பார்த்துச் சிறப்பு வழிச் சீட்டு என்று நினைக்கிறார். “கோயிலுக்கு அழைத்துப்போவோம். பொது வரிசையில் தரிசனம். சிறப்பு வழிச் சீட்டும் அர்ச்சனையும் உங்கள் செலவு” என்பது போதும்.

ஆத்தங்குடி பூக்கல் பட்டறை விஷயத்தில் ஒரு தவறு இன்னும் பல தாள்களில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பூக்கல் செய்யும் அனுபவம்’ என்ற பொருளில் இருக்கும். தமிழில் ‘பூக்கல் செய்து பார்க்கலாம்’ என்று வருகிறது. கண்ணாடி மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி எடுப்பதைப் பட்டறைக்காரர் செய்துகாட்டுவார். விருந்தாளிக்கும் ஒரு கல்லில் வண்ணம் ஊற்ற வாய்ப்புத் தரலாம். ஆனால் அந்தக் கல் அப்படியே எடுத்துப்போகிற பொருள் இல்லை. ஈரம் உலர்ந்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறி, வெயிலில் காய்ந்த பிறகுதான் கண்ணாடியை விட்டு நல்ல பளபளப்போடு கைக்கு வரும். இரண்டு இரவு தங்குகிறவருக்கு அது கிடைக்காது. ‘செய்து பார்க்கலாம்’ என்று படித்த பிள்ளைகள் தங்கள் கல்லைக் கேட்டு அழுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்: பார்ப்பது மட்டுமா, ஒரு ஆள் ஒரு கல் செய்யலாமா, செய்த கல்லை யார் செலவில் எப்படி அனுப்புவீர்கள்? பதில் ‘அனுப்புவதில்லை’ என்றால் அதையும் எழுதிவிடலாம்.

சாப்பாடு பக்கம் வருகிறேன். விடுதிகள் உங்களுக்குள் பேசும்போது சிபி, எம்ஏபி, ஏபி என்கிறீர்கள். சிபி என்றால் அறையும் காலைச் சாப்பாடும். எம்ஏபி என்றால் அதோடு மதியமோ இரவோ ஒரு வேளை. ஏபி என்றால் மூன்று வேளையும். இந்த எழுத்துகள் விருந்தாளியின் தாளுக்குள் வரவே வேண்டாம். எம்ஏபியில் ‘மதிய உணவு அல்லது இரவு உணவு’ என்று மொழிபெயர்த்துவிட்டு நிறுத்தினால், எது என்று தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்வி நிற்கும். விருந்தாளி மதியம் ஊர் சுற்றிவிட்டு இரவில் கேட்பார். சமையல்கட்டில் மதியத்துக்கே இலை போட்டு வைத்திருப்பார்கள். “முதல் நாள் இரவும் இரண்டாம் நாள் மதியமும்” என்று வேளையைச் சொல்லிவிடுங்கள்.

‘செட்டிநாட்டு விருந்து’ என்ற சொல்லும் அப்படித்தான். வெளியூர்க்காரருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கோழியும் நண்டும்தான் நினைவுக்கு வரும். உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம்தான் என்றால், வருகிறவருக்கு அது தெரியாது. எந்த நாள், எந்த வேளை, சைவமா அசைவமா, மறுசோறு மறுகுழம்பு உண்டா, பாட்டில் தண்ணீரும் குளிர்பானமும் யார் கணக்கு என்பதைச் சொன்னால் போதும். மாலை டீயோடு ‘நொறுக்குத்தீனி’ என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் அது இடைப்பலகாரம். கந்தரப்பமோ வெள்ளைப் பணியாரமோ வைப்பீர்கள். நொறுக்குத்தீனி என்று படித்தவர் பிஸ்கட்டை எதிர்பார்ப்பார், பணியாரத்துக்குத் தனிக் காசு என்று நினைத்து வேண்டாம் என்பார். இதை எழுதும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது. நல்ல பலகாரம் தட்டிலேயே ஆறிப்போகிறது, ஒரு சொல்லால்.

பிள்ளைகள் வயதைப் பற்றி இரண்டு வார்த்தை. மலேசியக் குடும்பத்துத் தாளில் என் வரி இப்படி இருந்தது: “5 வயது வரை இலவசம். 5 முதல் 11 வயது வரை பாதிக் கட்டணம்.” ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு வரியிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் முதல் வரி ஐந்துக்குக் கீழே என்றுதான் சொன்னது. ‘வரை’ போட்டு நான் கெடுத்தேன். அதோடு நம் பேச்சில் ‘ஐந்து வயது’ என்பது ஐந்து முடிந்ததா, ஐந்து நடக்கிறதா என்பது வீட்டுக்கு வீடு மாறும். பாட்டி சொன்ன கணக்கில் சின்னவளுக்கு ஐந்து. பாஸ்போர்ட் கணக்கில் நான்கு முடிந்திருந்தது. இப்போது நான் எழுதுவது: “பயணம் தொடங்கும் நாளில் 5 வயது நிறையாத பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, தனி மெத்தையும் இல்லை. 5 நிறைந்து 12 நிறையாத பிள்ளைக்குப் பாதிக் கட்டணம், தரையில் ஒரு மெத்தை போட்டுத் தருவோம். பாஸ்போர்ட் அல்லது ஆதாரில் உள்ள பிறந்த தேதியே கணக்கு.” ‘நிறைந்த’, ‘நிறையாத’ என்ற இரண்டு சொல் தமிழில் இதற்கென்றே இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ‘வரை’ என்று எழுதத் தேவையில்லை.

வண்டிக்கும் அதே கவனம். ‘ஏசி வண்டி சேரும்’ என்றால் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, மீட்டர் ஓட ஆரம்பிப்பது விருந்தாளி ஏறும் இடத்திலிருந்தா ஷெட்டிலிருந்தா? காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஷெட் கணக்கு என்றால் காலி வண்டி போய்வந்த தூரமும் விருந்தாளி தலையில் ஏறும். அதைப் பணம் கட்டும் முன்னால் அவர் அறிந்திருக்க வேண்டும். டோல், பார்க்கிங், ஓட்டுநர் பேட்டா மூன்றையும் தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள். பேட்டாவை ‘படி’ என்று தூய தமிழில் மாற்ற வேண்டாம்; ஓட்டுநரும் விருந்தாளியும் பேட்டா என்றுதான் பேசுகிறார்கள்.

பழைய ஆங்கில மாதிரித் தாளிலிருந்து ‘சர்வீஸ் சார்ஜ் தனி’ என்ற வரி இன்னும் சிலருடைய பட்டியலில் இருக்கிறது. ஓட்டல்கள் அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்த வரியை எவ்வளவு தெளிவாகத் தமிழாக்கினாலும் பயனில்லை. எடுத்துவிடுங்கள்.

இனி என் வேண்டுகோள்கள்.

முதலாவது, ஆங்கிலத் தாளுக்கும் தமிழ்த் தாளுக்கும் ஒரே வரிசை எண். ஏழாவது ஆங்கிலத்தில் மதிய உணவு என்றால் தமிழிலும் ஏழாவது மதிய உணவு. ஓட்டுநர் போனில் “ஏழாவதைப் பாருங்கள்” என்றால் அலுவலகமும் விருந்தாளியும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ‘இரண்டு பிரதியும் முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும்’ என்ற வரியைத் தமிழ்த் தாளின் அடியிலிருந்து நீக்குங்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழில் விற்றுவிட்டு, சண்டை வந்தபின் அவர் படிக்க முடியாத தாளைக் காட்டுவது முறையில்லை. ஒப்பந்தத்தில் இரண்டு பொருள் தரும் வரியை எழுதியவருக்கு எதிராகக் கொள்வது சட்டத்தில் வெகுகாலமாக உள்ள வழக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள். தமிழ்த் தாள் தவறு என்றால் அதை எழுதிய என்னைக் கேளுங்கள், விருந்தாளியை அல்ல.

மூன்றாவது, எனக்கு ஆங்கிலத் தாளை மட்டும் அனுப்பாதீர்கள். விடுதிக்கு நீங்கள் அனுப்பும் உறுதிச் சீட்டையும், வண்டிக்காரரோடு பேசிய கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள். ஆங்கிலத்தில் ‘நுழைவு’ என்றிருந்தால் எந்த வாசல், எத்தனை பேர் என்று அவற்றைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள முடியும். தெரியாத இடத்தில் ஊகித்து எழுதியதால் வந்ததுதான் திருமயம் வெயில். இனி ஊகிக்கமாட்டேன், கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவேன். அச்சுக்கு அவசரம் என்று அந்தக் கேள்விக்குறியை அழித்துவிட வேண்டாம்.

நான்காவது, அச்சுக்குப் போகும் முன் தமிழ்த் தாளை உங்கள் ஓட்டுநர் ஒருவரிடமும் சமையல்கட்டில் ஒருவரிடமும் வாசிக்கக் கொடுங்கள். பக்கத்தில் நின்று விளக்காதீர்கள். வாசித்து முடித்ததும், கோட்டைச் சீட்டு யார் எடுப்பது, இரண்டாம் நாள் மதியம் எத்தனை இலை, சின்னப் பிள்ளைக்கு மெத்தை உண்டா என்று கேளுங்கள். இருவரும் ஒரே பதில் சொன்னால் அச்சடிக்கலாம். பதில் வேறுபட்ட வரியைப் பென்சிலால் சுழித்து எனக்கு அனுப்பிவையுங்கள். அதைத் திருத்தித் தருவதற்கு நான் கூலி வாங்கப்போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் தாள்களைத் தமிழில் எழுதித் தருபவன்,
காரைக்குடி.